ஒரு மெயிலுக்கு ஒரு ஆள்

போன சிம்போசியம் அன்று காலை ஐந்தேகால் மணி. மெயின் கேட்டில் இருந்து செக்யூரிட்டி அண்ணா போன் பண்றார். "தம்பி, நாலு பொண்ணுங்க பையோட வந்து நிக்குது. உங்க ப்ரோக்ராமுக்குத்தானாம். தங்க இடம் கேட்டு மெயில் போட்டோம்னு சொல்லுதுங்க. என்கிட்ட இருக்கிற லிஸ்ட்ல பேரே இல்லையே."

இரவு முழுக்க பஸ்ஸில் வந்தவர்கள். ஹாஸ்டல் வார்டனை எழுப்பி அனுமதி வாங்குவதற்குள் மணி ஏழு ஆகிவிட்டது. அதுவரை அவர்கள் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் சொன்னது உண்மை. ஒன்பது நாளைக்கு முன்பே மெயில் வந்திருக்கிறது. எங்கள் ஐந்து பேரில் ஒருவன் பஸ்ஸில் வரும்போது போனில் திறந்து பார்த்திருக்கிறான். 'இது ஹாஸ்டல் மேட்டர், மெஸ் பார்த்துப்பான்' என்று மூடிவிட்டான். மெஸ் என்பது எங்கள் அக்காமடேஷன் பொறுப்பாளரின் பட்டப்பெயர். அன்று மாலை அவன் இன்பாக்ஸைத் திறந்தபோது தடித்த எழுத்தில் எதுவும் இல்லை. 'எல்லாம் முடிஞ்சிருச்சு போல' என்று அவனும் மூடிவிட்டான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, சோம்பேறித்தனமும் படவில்லை. ஆனாலும் நாலு பேர் தெருவில் உட்கார்ந்தார்கள்.

அதே வாரம் இதற்கு நேர் எதிரான கூத்தும் நடந்தது. ஒரு டீம் வர முடியவில்லை, கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டது. எங்கள் பொருளாளர் 'முழுப் பணமும் திரும்ப வரும்' என்று பதில் போட்டாள். நாற்பது நிமிடம் கழித்து நான் 'விதிமுறைப்படி ரீஃபண்ட் கிடையாது' என்று அதே மெயிலுக்குப் பதில் போட்டேன். அந்த டீம் இரண்டு பதிலையும் ஒன்றாக ஒட்டி அனுப்பி ஒரே ஒரு வரி கேட்டது: "இதுல எது உங்க பதில்?"

ஒரு பக்கம் பதிலே இல்லை, இன்னொரு பக்கம் இரண்டு பதில். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்து இந்த வருடம் மாற்றிய கதையைத்தான் சொல்லப்போகிறேன். கிளப், ஃபெஸ்ட், பிளேஸ்மென்ட் செல் என்று ஒரே மெயில் ஐடியை நாலைந்து பேர் பார்க்கிற எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

படித்தாச்சு என்றால் யார் படித்தது?

நம் சொந்த மெயிலில் படிக்காதது தடித்த எழுத்தில் தெரியும். திறந்தால் மெலிந்துவிடும். மெயில் நமக்கு ஒருவருக்கு மட்டும் வருகிறவரை இது போதும். திறந்தவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆள்.

ஐந்து பேர் பார்க்கும்போது கதை மாறுகிறது. மெலிந்த எழுத்து சொல்வது 'யாரோ ஒருவர் திறந்தார்' என்பதை மட்டும். யார் திறந்தார், அவர் பதில் சொல்வாரா, சொல்லிவிட்டாரா என்று மூன்று கேள்வி இருக்கிறது. மூன்றுக்கும் அந்த ஒரே ஒரு பிட்டில் பதில் தேடுகிறோம். பார்க்கிற ஒவ்வொருவரும் தனக்கு வசதியான அர்த்தத்தை அதில் படித்துக்கொள்கிறார்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதியவர்களுக்கு ரீஃபண்ட் கூத்து எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ரேஸ் கண்டிஷன். அவள் மெயிலைத் திறந்தாள், பதில் இல்லை என்று பார்த்தாள், டைப் பண்ண ஆரம்பித்தாள். நான் அதே நேரத்தில் வேறு லேப்டாப்பில் திறந்தேன், பதில் இல்லை என்று பார்த்தேன், விதிமுறை பிடிஎஃப்பைத் தேடப் போனேன். தேடி முடித்து அனுப்பும்போது மறுபடி மேலே பார்க்கவில்லை. பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் இந்த வேலை யாருடையது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பூட்டு இல்லாத கிரிட்டிக்கல் செக்ஷன்.

பதில் வராமல் போன மெயில் வேறு வகை. குளத்தை நிரப்ப ஆளுக்கொரு சொம்பு பால் ஊற்றச் சொன்னால், ஒவ்வொருவரும் 'நான் ஒருத்தன் தண்ணி ஊத்தினா தெரியவா போகுது' என்று நினைத்த கதை தெரியும்தானே? 'எல்லாரும் பாத்துக்கோங்க' என்றால் காதில் விழுவது 'வேற யாராவது பாத்துப்பாங்க' என்றுதான்.

சட்டம் ஒன்றுதான்

எந்த நேரத்தில் பார்த்தாலும், ஒவ்வொரு மெயிலுக்கும் சரியாக ஒரே ஒரு உரிமையாளர் இருக்க வேண்டும். அவர் பெயர் மெயில் மேலேயே தெரிய வேண்டும். உரிமையாளர் என்றால் எல்லா விவரமும் தெரிந்தவர் என்று அர்த்தம் இல்லை. அந்த மெயிலுக்குப் பதில் போகாவிட்டால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கான பதில்தான் அவர்.

முதலில் நாங்கள் இதைத் தப்பாகத்தான் செய்தோம். 'அவரவர் மெயிலை அவரவர் எடுத்து பெயர் போட்டுக்கோங்க' என்று வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்தோம். மூன்று நாளில் புட்டுக்கொண்டது. 'எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?' மாதிரி லட்டு மெயில்களுக்கு இரண்டு பேர் போட்டி. ஸ்பான்ஸர் ஒருவர் இன்வாய்ஸ் கேட்ட மெயிலை யாருமே தொடவில்லை. பெயர் போடுவது நல்ல யோசனைதான். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்றால் ரேஸ் கண்டிஷன் அப்படியே இருக்கிறது, ஒரு படி முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கஷ்டமான மெயில் மட்டும் அநாதையாக நிற்கும்.

அதனால் பிரித்துக் கொடுக்கிற வேலையை ஒரு நாளைக்கு ஒரே ஆளிடம் விட்டோம். அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி வாசலில் ஒருவர் இருப்பார் இல்லையா, அந்த மாதிரி. அவர் வைத்தியம் பார்க்க மாட்டார். வருகிறவரைப் பார்த்து எந்த வார்டு, எவ்வளவு அவசரம் என்று சொல்லி அனுப்புவார். இதைத்தான் ட்ரையாஜ் என்கிறார்கள். நாங்கள் அந்த ஆளுக்கு 'வாசல்' என்று பேர் வைத்தோம். இன்னிக்கு வாசல் யாருடா? ஜூனியர். முடிந்தது.

வாசலில் என்ன நடக்கும்

எங்கள் ஐடி சாதாரண ஜிமெயில்தான். காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை. ஆளுக்கொரு லேபிள் உருவாக்கினோம்:

```
own/kanakku
own/mess
own/junior
own/stage
own/naan
done
```

கணக்கு எங்கள் பொருளாளர், ஸ்டேஜ் ஈவென்ட் பொறுப்பாளர், மற்றவர்களை உங்களுக்குத் தெரியும். லேபிளில் வேலையின் பெயரைப் போடாமல் ஆளின் பெயரைப் போட்டதைக் கவனியுங்கள். `accommodation` என்று லேபிள் வைத்தால் அது மெயில் எதைப் பற்றியது என்று சொல்லும், யார் பதில் போடணும் என்று சொல்லாது. போன வருடமும் அந்த மெயில் அக்காமடேஷன் பற்றியது என்று எல்லாருக்கும் தெரியும். அது போதவில்லையே.

இப்போது ஒவ்வொரு மெயிலும் மூன்று இடத்தில் ஒன்றில்தான் இருக்க முடியும். இன்பாக்ஸில் இருந்தால் இன்னும் ஆள் இல்லை. `own` லேபிளில் இருந்தால் அந்த ஆள் பதில் போடணும். `done` என்றால் முடிந்தது. தடித்த எழுத்தா மெல்லிய எழுத்தா என்பதை யாரும் பார்க்கத் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. எனக்குப் பிடித்ததே இந்த நிம்மதிதான்.

வாசல் ஆள் காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் உட்காருவார். கீழே இருக்கிற பழைய மெயிலில் இருந்து மேலே வருவார். ஒவ்வொன்றையும் திறந்து, யாருக்கு என்று முடிவு செய்து, மேலே இருக்கிற `Move to` பட்டனில் அந்த ஆளின் லேபிளைத் தேர்ந்தெடுப்பார். லேபிளும் ஒட்டும், இன்பாக்ஸில் இருந்தும் போய்விடும், இரண்டும் ஒரே க்ளிக்கில். செட்டிங்ஸில் கீபோர்ட் ஷார்ட்கட்டை ஆன் செய்திருந்தால் `v` அழுத்தினாலே போதும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு: பிரித்துக்கொண்டிருக்கும்போது பதில் போடக் கூடாது. தனக்கே தெரிந்த கேள்வியாக இருந்தாலும் தன் லேபிளைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகணும். ஜூனியருக்கு இது ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. "ஒரு வரி பதில்தானே அண்ணா, போட்டுட்டுப் போறேனே?" என்றான். போடட்டும் என்று விட்டோம். அந்த ஒரு வரிக்காக ப்ராஸ்பெக்டஸைத் திறந்தான், அதில் ஒரு தப்பைப் பார்த்தான், டிசைன் டீமுக்கு போன் போட்டான். அரை மணி நேரம் போனது. இன்பாக்ஸில் ஒன்பது மெயில் அப்படியே கிடந்தது. மறுநாளில் இருந்து அவனே மற்றவர்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை

அன்று வாசல் ஜூனியர். இன்பாக்ஸில் பதினோரு மெயில். நாலு மெயில் டீமில் எத்தனை பேர் என்பது மாதிரி சாதாரணக் கேள்வி, அதெல்லாம் `own/stage`. ஒன்று ஏதோ வெப்சைட் விளம்பரம், நேராக `done`. இதெல்லாம் யோசிக்காமல் போய்விடும். யோசிக்க வைத்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரே மெயிலில் இரண்டு கேள்வி. 'பேமென்ட் இரண்டு தடவை கட் ஆகிவிட்டது, மேலும் முந்தின நாள் இரவு தங்க இடம் கிடைக்குமா?' பணம் கணக்கிடம், தங்குவது மெஸ்ஸிடம். இரண்டு லேபிள் போடத்தான் கை போகும். போட்டால் பழைய கதைதான். கணக்கு தன் பாதிக்குப் பதில் போட்டு `done` ஆக்குவாள், மெஸ் அதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று நினைப்பான். அதனால் ஒரு லேபிள்தான். யாருக்கு? தவறினால் எது அதிகம் வலிக்குமோ, அந்தப் பாதியைப் பார்க்கிறவருக்கு. பணம் ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனாலும் ஒன்றும் ஆகாது, படுக்க இடம் இல்லை என்றால் மறுபடி டீக்கடை பெஞ்ச்தான். ஆக `own/mess`. மெஸ் கணக்கிடம் நேரில் கேட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் போடுவான்.

இரண்டாவது, ஒரே ஆள் இரண்டு மெயில். காலேஜ் ஐடியில் இருந்து ஒன்று, பதில் வரவில்லையே என்ற பதற்றத்தில் சொந்த ஐடியில் இருந்து இன்னொன்று. ஜிமெயில் இதை இரண்டு தனி உரையாடலாகத்தான் காட்டும். இரண்டும் இரண்டு பேரிடம் போனால் இரண்டு பதில் போகும். அதனால் சந்தேகம் வந்தால் வாசல் ஆள் அந்தப் பெயரையோ டீம் பெயரையோ ஒரு தடவை தேடிப் பார்ப்பார். கிடைத்தால் இரண்டும் ஒரே ஆளுக்கு. ஒன்றில் பதில், மற்றதில் 'உங்கள் காலேஜ் ஐடிக்குப் பதில் அனுப்பியிருக்கிறோம்' என்று ஒரு வரி.

மூன்றாவது, திரும்பி வந்த மெயில். போன வாரம் கணக்கு பதில் போட்டு `done` ஆக்கிய உரையாடலில் 'இன்னும் பணம் வரவில்லை' என்று மறுபடி எழுதியிருக்கிறார்கள். புதுப் பதில் வந்ததும் அது தானாகவே இன்பாக்ஸுக்கு வந்துவிடும், மேலே `done` என்று ஒட்டிக்கொண்டு. அந்தப் பட்டையைப் பார்த்து ஏமாறக் கூடாது. `done`ஐ எடுத்துவிட்டு, போன தடவை பேசிய ஆளுக்கே கொடுக்கணும். அது யார் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் டீம் பேருக்கு மேலே சொந்தப் பெயரை எழுதியே ஆகணும் என்று வைத்திருக்கிறோம். எதிரே இருப்பவருக்கும் ஒரு மனிதரிடம் பேசுகிற உணர்வு வரும், அது உபரி லாபம்.

பதினோரு மெயிலுக்கும் சேர்த்து ஜூனியருக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. கடைசியாக ஸ்பேம் ஃபோல்டரையும் ஒரு பார்வை பார்ப்பான். அதில் விழுந்ததை ஜிமெயில் 30 நாளில் அழித்துவிடும். காலேஜ் ஐடிகளில் இருந்து மொத்தமாக அனுப்புகிற மெயில் சில சமயம் அங்கேதான் விழும். பிறகு குரூப்பில் ஒரு வரி: "வாசல் காலி. மெஸ்ஸுக்கு ஒண்ணு அவசரம்."

உரிமையாளர் செய்ய வேண்டியது

தன் லேபிளைத் திறந்தால் தன் பாக்கி வேலை மட்டும் தெரியும். பதில் போட்டு முடிந்ததும், அந்த லேபிளுக்குள் இருந்தபடியே `Move to` மூலம் `done`க்கு நகர்த்தினால் தன் பெயர் கழன்றுவிடும். பதில் சொல்ல இரண்டு நாள் ஆகும் என்றால், 'பார்த்துவிட்டோம், வெள்ளிக்குள் சொல்கிறோம்' என்று எழுதிவிட்டு லேபிளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளணும். பதில் போனது வேறு, வேலை முடிந்தது வேறு. லேபிள் சொல்வது இரண்டாவதை.

தப்பான ஆளுக்கு வந்துவிட்டால்? மாற்றலாம். ஆனால் எதிராளி "சரி, குடு" என்று சொன்ன பிறகுதான் லேபிளை மாற்றணும். சொல்லாமல் மாற்றினால் மெயில் சூடான உருளைக்கிழங்கு போண்டா மாதிரி கைக்குக் கை தாவும். ஸ்பான்ஸர் மெயில் ஒன்று இப்படி மூன்று லேபிள் மாறியது. மூன்று பேருமே தன்னிடம் அது வந்ததே தெரியாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான்.

இன்டர்னல் டெஸ்ட், காய்ச்சல், ஊருக்குப் போவது எல்லாம் வரும். பூட்டை வாங்கியவன் தூங்கிவிட்டால் மற்றவர்கள் காத்தே கிடக்க வேண்டியதுதான். அதனால் உரிமைக்கு ஒரு காலக்கெடு வைத்தோம். 24 மணி நேரத்தில் ஒரு வரி பதில் கூட போகவில்லை என்றால் வாசல் ஆள் உரிமையாளருக்கு போன் போடுவார். எடுக்கவில்லை என்றால் வேறு ஆளுக்கு மாற்றி, இருவருக்கும் தெரிகிற மாதிரி குரூப்பில் சொல்வார். சொல்வது முக்கியம். காய்ச்சலில் இருந்து எழுந்தவன் முதல் வேலையாக அதே மெயிலுக்குப் பதில் போட்டுவிடக் கூடாது.

தவறினால் எப்படித் தெரியும்?

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. போனில் இன்பாக்ஸைப் பார்க்கும்போது கை தவறி ஸ்வைப் ஆகி, லேபிள் இல்லாமலே மெயில் ஆர்க்கைவ் ஆகிவிடும். இன்பாக்ஸிலும் இல்லை, யார் பெயரிலும் இல்லை, முடியவும் இல்லை. போன வருடத்து மெயில் மாதிரியே காற்றில் கரைந்துவிடும்.

ஆனால் இப்போது அதைப் பிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு மெயிலும் மூன்று இடத்தில் ஒன்றில் இருக்கணும் என்பதுதானே சட்டம்? அப்படியென்றால் மூன்றிலும் இல்லாததைத் தேடினால் ஒன்றுமே வரக் கூடாது. ஜிமெயிலின் தேடல் பெட்டியில் இதைப் போடுங்கள்:

```
has:nouserlabels -in:inbox -from:me newer_than:7d
```

நாம் ஒட்டிய லேபிள் எதுவும் இல்லை, இன்பாக்ஸிலும் இல்லை, நாம் அனுப்பியதும் இல்லை, ஏழு நாளுக்குள் வந்தது. இந்தத் தேடலில் ஏதாவது வந்தால் அது வழி தவறிய மெயில். எடுத்து இன்பாக்ஸில் போட்டால் அடுத்த முறை வாசலில் மாட்டிக்கொள்ளும். மாலை ஷிஃப்டின் கடைசி வேலை இது. முதல் வாரத்திலேயே இரண்டு மெயில் சிக்கியது. ஒன்று ஜட்ஜாக வர ஒத்துக்கொண்ட சீனியர் ஒருவர் கார் பார்க்கிங் பற்றிக் கேட்டது.

இன்னொரு தேடல் தேங்கி நிற்பதைக் காட்டும்:

```
label:own-kanakku older_than:2d
```

லேபிள் பெயரில் இருக்கிற சாய்கோடு தேடும்போது சிறு கோடாக மாறும், அதைக் கவனியுங்கள். நீண்ட உரையாடலின் பழைய மெயில்களும் இதில் வரும், அதனால் வந்ததெல்லாம் குற்றம் இல்லை. ஆனால் ஒருவர் பெயரில் மட்டும் பட்டியல் நீண்டுகொண்டே போனால் அவருக்கு வேலை அதிகம் என்று அர்த்தம். எங்களுக்கு அது கணக்கு. பணம் என்ற வார்த்தை இருந்தாலே வாசல் ஆட்கள் அவளிடம் தள்ளியிருக்கிறார்கள். 'ரசீது வரவில்லை' என்கிற மெயில்களை ஜூனியருக்கு மாற்றிய பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

எல்லாம் மீறி இரண்டு பதில் போய்விட்டால்? மூன்றாவது ஆள் உள்ளே வரக் கூடாது. உரிமையாளர் மட்டும், 'எங்களிடம் இருந்து இரண்டு பதில் வந்துவிட்டது, மன்னிக்கவும், இதுதான் சரி' என்று ஒரே மெயில் போடணும். அந்த ரீஃபண்ட் டீமுக்கு நாங்கள் கடைசியில் அப்படித்தான் எழுதினோம், பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். எழுத்தில் தருகிறோம் என்று சொல்லிவிட்டு விதிமுறையைக் காட்ட மனசு வரவில்லை.

பாஸ்வேர்டு பற்றி ஒரு வார்த்தை

ஐந்து பேரும் ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போனால் டிராஃப்ட் கூட பொதுச் சொத்து. ஒருவர் பாதி எழுதி வைத்ததை இன்னொருவர் அழித்துவிடலாம். வெரிஃபிகேஷன் கோட் எப்போதும் ஒருவன் போனுக்குத்தான் வரும், அவன் லேபில் இருப்பான். இதற்குப் பதில் ஜிமெயில் செட்டிங்ஸில் `Accounts and Import` பக்கத்தில் `Grant access to your account` என்று இருக்கிறது. சாதாரண ஜிமெயிலில் 10 பேர் வரை சேர்க்கலாம். அவரவர் தன் சொந்த லாகினில் இருந்தே பொது மெயிலைத் திறந்து பதில் போடலாம், பாஸ்வேர்டு தெரிய வேண்டியதில்லை. டீம் மாறும்போது பெயரை எடுத்துவிட்டால் போதும். அங்கேயே, மற்றவர்கள் திறந்தால் படித்ததாகக் காட்டவா வேண்டாமா என்று ஒரு கேள்வியும் கேட்கும். இதனால்தான் அந்தக் கேள்வி என்று எனக்கு இந்த வருடம்தான் புரிந்தது.

உங்கள் காலேஜ் கூகுள் குரூப்ஸ் கொடுத்தால் அதில் `Collaborative Inbox` என்ற வசதியை ஆன் செய்யலாம். ஒரு உரையாடலை ஓர் ஆளுக்கு ஒதுக்குவது, முடிந்தது என்று குறிப்பது எல்லாம் அதிலேயே இருக்கிறது, லேபிள் வித்தை தேவையில்லை. ஆனால் ஒன்று: எந்தக் கருவியாக இருந்தாலும் 'இன்னிக்கு வாசல் யாரு?' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதை நீங்கள்தான் முடிவு செய்யணும்.

ஒருவரோ இருவரோ மட்டும் பார்க்கிற ஐடிக்கு இவ்வளவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டாலே போதும். ஃபெஸ்ட் அன்றைக்கும் இது உதவாது. அன்று யாரும் மெயில் பார்க்க மாட்டார்கள், அதனால் முந்தின நாள் மாலையோடு போன் நம்பரை ஆட்டோ ரிப்ளையில் போட்டுவிடுங்கள்.

இந்த வருடம் சிம்போசியத்துக்கு முந்தின நாள் மாலை, கடைசி ஷிஃப்ட் வாசல் நான். இன்பாக்ஸ் காலி. தேடலில் ஒன்றும் இல்லை. `own/mess`ல் மட்டும் ஒன்று மிச்சம். திறந்து பார்த்தேன். நாலு பேர், நைட் பஸ், காலை ஐந்து மணிக்கு வந்து சேருவார்கள். மெஸ்ஸுக்கு போன் போட்டேன்.

"தெரியும் மச்சி. செக்யூரிட்டி அண்ணாகிட்ட பேர் குடுத்துட்டேன், ரூம் சாவி என் கையில இருக்கு. அவங்க உள்ள வந்து படுத்ததும்தான் அதை `done`ல போடுவேன்."